இரண்டு கோடுகளுக்கு நடுவே

சேலம் ஜில்லாவில் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதமும், அத்துடன் இந்திய நில அளவைத் துறையார் வெளியிட்ட படம் ஒன்றின் துண்டும் அனுப்பியிருக்கிறார். அவ்வூருக்கு அப்பால் ஓர் ஓடையின் தலைப்பில் வற்றாத ஊற்று ஒன்று இருக்கிறதாம். அந்த ஜலத்தைப் பம்பு முதலியவை இல்லாமல், குழாய் வழியே தானாகவே இறங்கி வரும்படி செய்து, பள்ளிக்கூடத்துத் தொட்டியில் விழ வைக்கலாம் என்று ஊரார் எண்ணுகிறார்கள். குழாய் வாங்குவதற்குச் சந்தாவும் சேரத் தொடங்கிவிட்டது. படத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடம் 340 என்று எழுதிய கோட்டுக்கும் 360 என்ற கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஊற்றும் அதே இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. "இவ்விரண்டில் எது உயரம், எவ்வளவு உயரம் என்பதைப் படத்திலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?" என்று அன்பர் கேட்கிறார்.

முடியும் என்றும் சொல்லலாம், முடியாது என்றும் சொல்லலாம். எது வரைக்கும் முடியும், எந்த இடத்தில் முடியாமற் போகிறது என்பதே இந்த வாரம் நாம் பேசப் போகும் விஷயம்.

படத்தில் பழுப்பு நிறத்தில் நெளிந்து நெளிந்து ஓடும் கோடுகளைச் சம உயரக் கோடுகள் என்கிறோம். 340 என்ற கோட்டின் மேல் ஒருவன் காலடி பிசகாமல் நடந்து போனால், அவன் ஏறவும் மாட்டான், இறங்கவும் மாட்டான். எங்கே நின்றாலும் கடல் மட்டத்துக்கு மேல் 340 மீட்டரிலேயே நிற்பான். இந்தத் துறையாரின் 1:50,000 படங்களில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் வழக்கமாக 20 மீட்டர் உயர வித்தியாசம். எல்லாக் கோட்டிலும் எண் எழுத இடம் இராது. ஆதலால் நூறு நூறு மீட்டருக்கு ஒரு கோட்டைச் சற்றுத் தடித்துப் போட்டிருப்பார்கள். தடித்த கோட்டைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தால், நம்முடைய கோடு எது என்பது தெரிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற பழைய படங்கள் இன்னும் பல வீடுகளிலும் வாசகசாலைகளிலும் கிடக்கின்றன. அவற்றில் உயரம் எல்லாம் அடிக் கணக்கு. கோடுகளின் இடைவெளியும் 50 அடி, மலைப்பாங்கில் 100 அடி என்று மாறும். அதில் 1,100 என்று பார்த்துவிட்டுப் புதுப் படத்தின் 340 உடன் ஒப்பிட்டு, "படம் தப்பு" என்று தீர்ப்புச் சொல்பவர்களை நாம் அறிவோம். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரந்தான். படத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் நாலு வரியை முதலில் வாசித்துவிட்டுப் பிறகு உள்ளே நுழைவது நல்லது. மற்றொன்று: கரை, கிணறு முதலியவற்றின் அருகில் 3r, 6r என்றாற்போல எண்ணும் எழுத்தும் சேர்ந்து நிற்கும். அது கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம் அல்ல. பக்கத்துத் தரையிலிருந்து அந்தக் கரை எவ்வளவு உயரம், அல்லது அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதைக் குறிப்பது. நம்முடைய கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

இனிப் பள்ளிக்கூடத்தின் உயரத்தைப் பார்ப்போம். கணக்கு என்னவோ நம் பாட்டனார் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த திரைராசிகந்தான். பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் புள்ளியின் வழியாக, இரண்டு கோடுகளையும் ஏறக்குறையச் செங்குத்தாக வெட்டும்படி, மெல்லிய பென்சில் கோடு ஒன்று இழுக்க வேண்டும். ஒரு கூழாங்கல்லை அந்த இடத்தில் வைத்தால் அது எந்தத் திசையில் உருளுமோ அந்தத் திசை அது. அன்பரின் படத்தில் 340 கோட்டிலிருந்து 360 கோடு வரை 8 மில்லிமீட்டர் இருக்கிறது. 340 கோட்டிலிருந்து பள்ளிக்கூடம் 5 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் நடந்தால் 20 மீட்டர் ஏறுகிறோம். ஐந்து நடந்தால் எவ்வளவு? இருபதை ஐந்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. ஆகவே பள்ளிக்கூடம் 352½ மீட்டர்.

இந்தக் கணக்கில் படத்தின் அளவுத் திட்டம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நாம் எடுத்தது ஒரு விகிதம் மாத்திரமே. மழைக்காலத்தில் காகிதம் நனைந்து சற்று நீண்டிருந்தாலும், நகல் எடுத்த யந்திரம் படத்தைப் பெரிதாக்கியிருந்தாலும், எட்டும் ஐந்தும் சேர்ந்தே நீளும், விடை மாறாது. படத்தில் தூரம் அளப்பவர்களுக்கு இல்லாத சௌகரியம் இது.

பென்சில் கோடு சரியாகச் செங்குத்தாக விழவில்லையே என்று சிலர் கவலைப்படுவதுண்டு. சம உயரக் கோடுகள் இரண்டும் அந்த இடத்தில் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் கவலைக்கு அவசியமே இல்லை. இணைகோடுகளுக்குக் குறுக்கே எப்படிச் சாய்த்து வெட்டினாலும் விகிதம் ஒன்றேதான். மூன்றாம் பாரத்தில் வடிவ கணிதம் படிக்கும் பையனைக் கேட்டால் நிரூபித்துக் காட்டிவிடுவான். இந்த உண்மையை வைத்துக்கொண்டு படம் வரைபவர்கள் ஒரு சுருக்கு வழி செய்வார்கள். அளவுகோலை நேரே வைக்காமல் சாய்த்து வைத்து, அதன் பூஜ்யம் 340 கோட்டின் மேலும், 10 மில்லிமீட்டர் என்ற குறி 360 கோட்டின் மேலும் விழும்படி செய்வார்கள். அளவுகோலின் ஓரம் நம்முடைய புள்ளியையும் தொட வேண்டும். அப்போது ஒவ்வொரு மில்லிமீட்டரும் சரியாக 2 மீட்டர் உயரம். பள்ளிக்கூடம் 6 மில்லிமீட்டர் தாண்டிக் கால் மில்லிமீட்டரில் நிற்கும். பன்னிரண்டரை மீட்டர் என்று வகுத்தலே இல்லாமல் கண்ணால் படித்துவிடலாம். ஆனால் கோடுகள் விரிந்தோ குவிந்தோ போனால் இந்தச் சுருக்கு வழி ஏமாற்றிவிடும். அங்கே குறுகிய வழியையே பிடிக்க வேண்டும்.

சரி, 352½ மீட்டர் என்று விடை வந்துவிட்டது. அந்த அரை மீட்டரை நம்பலாமா? கூடாது. அளவுகோலைப் பார்க்கும் கண் அரை மில்லிமீட்டர் பிசகுவது சாதாரணம். அப்படிப் பிசகினால் உயரத்தில் ஒன்றேகால் மீட்டர் போய்விடும். பள்ளிக்கூடத்தின் இடத்தைப் படத்தில் குறித்ததில் ஒரு மில்லிமீட்டர் தவறியிருந்தால், அது தரையில் 50 மீட்டர் தூரம். உயரத்தில் இரண்டரை மீட்டர். படம் அச்சான பிறகு கட்டிய பள்ளிக்கூடமானால், அந்தப் புள்ளியை அன்பர் தாமே வைத்திருப்பார். பக்கத்தில் ஓடை சேருமிடம், பாதை பிரியுமிடம் என்று படத்திலும் தரையிலும் ஐயமின்றித் தெரியும் அடையாளங்களிலிருந்து அளந்து வைத்தாரா, அல்லது "இங்கேதான் இருக்கும்" என்று வைத்தாரா என்பதை அவரே அறிவார்.

இவையெல்லாம் நம் கையால் வரும் பிழைகள். இவற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று கணக்குக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. 340க்கும் 360க்கும் நடுவே தரை ஒரே சீரான சரிவாக, சாய்த்து வைத்த பலகை மாதிரி ஏறுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டோம். அப்படித்தான் ஏறுகிறது என்று படம் சொல்லவில்லை. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிப் படம் மௌனம் சாதிக்கிறது. நடுவே 15 மீட்டர் உயரப் பாறை ஒன்று செங்குத்தாக நிற்கலாம்; அல்லது பாதி வழி வரை சமதளமாக வந்து பிறகு திடீரென்று ஏறலாம். கோடு விழாத உயரத்தில் நடக்கும் எதற்கும் படத்தில் சாட்சி இல்லை.

ஆயினும் அக்கம்பக்கத்துக் கோடுகள் சிறிது துப்புக் கொடுக்கும். அன்பரின் படத்தில் கீழே 320 கோட்டுக்கும் 340 கோட்டுக்கும் நடுவே 12 மில்லிமீட்டர். நம்முடைய இடைவெளி 8. அதற்கு மேலே 360க்கும் 380க்கும் நடுவே 4. மேலே போகப் போகக் கோடுகள் நெருங்கி வருகின்றன. அதாவது சரிவு வரவரக் கடுமையாகிறது. மலையடிவாரங்களில் சாதாரணமாகக் காணும் குழிந்த சரிவு இது. அப்படியானால் நம்முடைய எட்டு மில்லிமீட்டருக்குள்ளும் கீழ்ப்பாதி சற்று மெதுவாகவும் மேற்பாதி சற்று வேகமாகவும் ஏறியிருக்க வேண்டும். பலகை வைத்தாற்போலக் கணக்கிட்டது உண்மைத் தரைக்கு மேலே போய்விட்டது என்று அர்த்தம். கட்டக் காகிதத்தில் 320, 340, 360, 380 ஆகிய நான்கு உயரங்களையும் அவற்றின் தூரங்களுக்கு எதிரே புள்ளிகளாக வைத்து, அவற்றின் வழியே கை நெளியாமல் ஒரு வளைகோடு வரைந்து பார்த்தோம். பள்ளிக்கூடம் சுமார் 350 மீட்டரில் விழுந்தது. முன் கணக்குக்கும் இதற்கும் இரண்டு மீட்டருக்கு மேல் வித்தியாசம். மேலே கோடுகள் விலகிப் போகும் குவிந்த சரிவாக இருந்தால் பிழை எதிர்ப்பக்கம் போகும். அங்கே நேர்க்கணக்கு உண்மையைவிடக் குறைவாகச் சொல்லும்.

அந்த இடைவெளிக்குள் புள்ளி ஒன்று வைத்து 347 என்றோ 355 என்றோ எண் எழுதியிருந்தால் அதைவிட்டு வேறொன்றையும் தேட வேண்டாம். அது ஆள் போய் நின்றோ, கருவி வைத்துப் பார்த்தோ தீர்மானித்த உயரம். அந்தப் புள்ளியையும் ஒரு கோட்டையும் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தால் இடைவெளி பாதியாகிவிடும். அன்பரின் துண்டில் துரதிருஷ்டவசமாக அப்படி ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடம் 350 என்று வைத்துக்கொண்டு ஊற்றுக்குப் போவோம். இங்கேதான் அளவுகோலை எடுத்தவுடன் பலர் வழி தவறுவது. ஊற்று ஓடைக்குள் இருக்கிறது. ஓடை ஓடும் பள்ளத்தில் சம உயரக் கோடுகள் ஓடையை நேராக வெட்டிக்கொண்டு போவதில்லை. ஒரு கரையோரமாக மேல்நோக்கி ஏறி, ஓடையில் கூர்மையாக மடங்கி, மறு கரையோரமாக இறங்கி வருகின்றன. அம்பு முனை மலையைப் பார்த்து நிற்பது போல இருக்கும். ஊற்றுக்கு மிக அருகில் உள்ள கோடு எது என்று பார்த்தால், இடது பக்கமும் 360, வலது பக்கமும் 360! இரண்டு கரையும் ஊற்றைவிட உயரம் என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை. குறுகிய வழி என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றி, 360க்கும் 360க்கும் நடுவே இருப்பதால் ஊற்றும் 360 என்று எழுதினால், கோடரியைத் தூக்கிக் காலில் போட்டுக்கொண்டதாகும்.

ஓடைக்குள் இருக்கும் இடத்துக்கு ஓடையின் வழியேதான் அளக்க வேண்டும். 340 கோடு ஓடையில் மடங்கும் முனையிலிருந்து 360 கோடு மடங்கும் முனை வரை, ஓடை வளைந்தபடியே, ஒரு காகிதத்தின் ஓரத்தைத் திருப்பித் திருப்பி வைத்து அளந்தோம்: 15 மில்லிமீட்டர். கீழ்முனையிலிருந்து ஊற்று 12 மில்லிமீட்டர். இருபதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பதினைந்தால் வகுத்தால் 16. ஊற்று 356 மீட்டர். மலை முதுகில் இருக்கும் இடத்துக்கும் இதே மாதிரி, ஆனால் தலைகீழ். அங்கே இருபுறமும் தாழ்ந்த கோடே பக்கத்தில் நிற்கும். முதுகின் உச்சி வழியே அளக்க வேண்டும்.

ஆகவே ஊற்று 356, பள்ளிக்கூடம் 350. ஊற்று 6 மீட்டர் உயரம். நேர்க்கணக்கை வைத்துக்கொண்டால் மூன்றரை மீட்டர். ஜலம் வரும் என்று சொல்லிவிடலாமா?

இதற்குப் பதில் சொல்லுமுன், 340 என்ற கோடே அந்த இடத்துக்கு எப்படி வந்தது என்பதைச் சற்று யோசிக்க வேண்டும். அதற்காக நேயர்களை ஸ்காட்லாந்துக்கு அழைத்துப் போகிறோம். அங்கே ஷிஹாலியன் என்று ஒரு மலை. 1774-ஆம் வருஷம் நெவில் மாஸ்கலின் என்ற வான சாஸ்திரி அந்த மலையின் இரு பக்கத்திலும் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, மலை அதைத் தன் பக்கமாக எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தார். மலையின் எடை தெரிந்தால் அதிலிருந்து பூமியின் எடையைக் கணக்கிட்டுவிடலாம் என்பது யோசனை. மலையின் எடைக்கு அதன் உருவம் தெரிய வேண்டும். மலையெங்கும் பல இடங்களின் உயரத்தை அளந்து, அந்த எண்களையெல்லாம் சார்லஸ் ஹட்டன் என்பவரிடம் கொடுத்தார்கள். நியூகாஸிலில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து பிறகு பேராசிரியரானவர் அவர். ஆகையால் அவர்மேல் நமக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு. படம் நிறைய எண்கள் சிதறிக் கிடப்பதைப் பார்த்து மலையின் உருவத்தை மனத்தில் வாங்க முடியவில்லை. ஒரே உயரமுள்ள இடங்களையெல்லாம் மெல்லிய கோட்டால் சேர்த்தார்; உடனே மலை கண்முன் எழுந்து நின்றது. 1778-இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி பூமி தண்ணீரைப் போல நாலரை மடங்கு கனம். இன்றைக்கு ஐந்தரை மடங்கு என்று அறிவோம். முதல் முயற்சிக்கு அது கேவலமான விடை அல்ல.

ஆனால் அளந்த புள்ளிகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒரே உயரத்தில் அமைந்திருக்குமா? இராது. ஒரு புள்ளி கொஞ்சம் மேலே, அடுத்தது கொஞ்சம் கீழே. கோடு இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ போக வேண்டும். எங்கே? நாம் இப்போது பள்ளிக்கூடத்துக்குப் பார்த்தோமே, அதே திரைராசிகத்தைத் திருப்பிப் போட்டால்தான் அது தெரியும். அளந்த புள்ளிகளை வைத்துக்கொண்டு கோடு இழுப்பவர்கள் எல்லோரும் அன்று முதல் செய்துவருவது இதுவே. நம் தேசத்திலும் சமதளப் பலகையையும் சரிவுமானியையும் சுமந்துகொண்டு மலை மலையாக ஏறிய சர்வேயர்கள், சில இடங்களின் உயரத்தைத் தீர்மானித்துக்கொண்டு, நடுவே உள்ள கோடுகளைத் தரையைப் பார்த்துப் பார்த்தே வரைந்தார்கள். ஆகவே நாம் நிச்சயம் என்று பிடித்துக்கொண்ட 340, 360 என்ற இரண்டு கரைகளிலேயே ஓரளவு ஊகம் கலந்திருக்கிறது. நாம் செய்வது ஊகத்துக்கு நடுவே ஊகம். பிற்காலத்தில் ஆகாய விமானத்திலிருந்து எடுத்த இரட்டைப் புகைப்படங்களைக் கண்ணாடி வழியே பார்த்துக் கோடு இழுக்கும் முறை வந்தது. வெட்டவெளியில் அது மிகவும் நேர்த்தியான முறை. அடர்ந்த காட்டில் புகைப்படத்துக்குத் தெரிவது மரத்தின் உச்சிதான்; தரை எங்கே இருக்கிறது என்பதைப் படம் செய்பவர் ஊகித்துக் கழித்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு பிழை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கு அமெரிக்காவில் 1947-இல் திருத்தி வகுத்த விதி ஒன்று இருக்கிறது. படத்தின் கோடுகளிலிருந்து கணக்கிட்ட உயரங்களைத் தரையில் அளந்து சோதித்தால், அவற்றில் பத்தில் ஒன்றுக்கு மேல், கோடுகளின் இடைவெளியில் பாதிக்கு அதிகமாகப் பிழைபடக் கூடாது என்பது அது. நம் நாட்டுப் படத்துக்கு அந்த விதி பொருந்துமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் நல்ல படம் ஒன்றிடம் எவ்வளவு எதிர்பார்ப்பது நியாயம் என்பதற்கு அது ஓர் அளவுகோல். அதன்படி 20 மீட்டர் இடைவெளியுள்ள படத்தில் ஓர் இடத்தின் உயரம் பத்து மீட்டர் இப்படியோ அப்படியோ போகலாம். அதைப் படத்தின் குற்றமென்று சொல்ல முடியாது. பத்தில் ஓர் இடம் அதற்கும் மேலே போனாலும் விதி அதை மன்னித்துவிடுகிறது.

இப்போது அன்பரின் கேள்விக்கு வருவோம். ஊற்று 356 என்றால் 346 முதல் 366 வரை எங்கேயும் இருக்கலாம். பள்ளிக்கூடம் 350 என்றால் 340 முதல் 360 வரை எங்கேயும் இருக்கலாம். நம் கையில் இருப்பது 6 மீட்டர் வித்தியாசம். இரண்டு பக்கத்துச் சந்தேகமும் சேர்ந்தால் 20 மீட்டர். ஊற்று உயரம் என்பது சற்று அதிக சாத்தியம், அவ்வளவே. பள்ளிக்கூடமே உயரமாக இருந்துவிடவும் இடமிருக்கிறது. ஊற்று 400 மீட்டரில் இருந்திருந்தால் வித்தியாசம் 50. சந்தேகம் முழுவதையும் கழித்தாலும் 30 மீட்டர் மிச்சம். அப்போது ஜலம் இறங்கும் என்று படத்தை வைத்துக்கொண்டே தைரியமாகச் சொல்லியிருப்போம். அளப்பது அதே அளவுகோல், கணக்கும் அதே கணக்கு. கேட்கும் கேள்வி பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்தே அந்த எண் உதவுகிறது, அல்லது உதவாமற் போகிறது.

அதுவுமின்றி, ஊற்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் படத்தில் 36 மில்லிமீட்டர், தரையில் 1,800 மீட்டர். குழாய் அதற்குக் குறையாது, கூடும். அவ்வளவு நீளக் குழாய்க்குள் உராய்ந்துகொண்டு வரும் ஜலம் வழியெல்லாம் உயரத்தைச் செலவழித்துக்கொண்டே வரும். 6 மீட்டர் உண்மையானாலும் தாராளமான முதல் அல்ல. மூன்றரையானால் பெரிய விட்டமுள்ள குழாய் வேண்டும், சந்தாவும் அதற்கேற்ப வேண்டும்.

அன்பர் கேட்காத ஒன்றும் படத்தில் நமக்குத் தென்படுகிறது. ஊற்று ஒரு பள்ளத்தாக்கில், பள்ளிக்கூடம் வேறொரு பள்ளத்தாக்கில். நடுவே ஒரு மலை முதுகு குறுக்கிடுகிறது. குழாய் அதைத் தாண்டக்கூடிய தாழ்ந்த இடம் ஒன்றே ஒன்று, இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள கணவாய். அந்தக் கணவாயின் உயரம் என்ன? இரு மேட்டுப் பக்கங்களிலும் 360 கோடு எதிரெதிரே நிற்கிறது. இரு பள்ளப் பக்கங்களிலும் 340 கோடு எதிரெதிரே நிற்கிறது. மேட்டிலிருந்து மேட்டுக்கு அளந்தால் இரு முனையும் 360. பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு அளந்தால் இரு முனையும் 340. திரைராசிகம் போடுவதற்கு ஒரு பக்கம் தாழ்வும் மறு பக்கம் உயர்வும் வேண்டும்; அது இங்கே கிடைக்கவில்லை. மலை உச்சியிலும் இதே கதிதான். கடைசி வட்டத்துக்கு உள்ளே மேற்கோடு இல்லை. ஆகவே கடைசிக் கோட்டுக்கு மேலே, அடுத்த கோட்டின் உயரத்தை எட்டாமல் இருக்கிறது என்பதற்கு மேல் சொல்ல முடியாது. இந்த இடங்களில் "நடுவே போட்டுக்கொள்வோம்" என்று 350 எழுதுபவர்கள் உண்டு. அது கணக்கு அல்ல, சமாதானம். கணவாய் 340க்கு மேல், 360க்குக் கீழ். ஊற்று 356 என்ற நம் எண்ணே சரியென்று வைத்துக்கொண்டாலும், கணவாய் அதற்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று படம் வாய் திறக்காது. மேலே இருந்தால், பள்ளிக்கூடம் எவ்வளவு தாழ்வாக இருந்தும் பிரயோஜனமில்லை. குழாய் முதுகைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், நீளம் எவ்வளவோ கூடிவிடும்.

ஆகவே இனிமேல் படத்தை மடித்து வைத்துவிட்டுத் தரைக்குப் போக வேண்டியதுதான். டம்பி லெவல் கருவியும் அதைக் கையாளத் தெரிந்த ஓவர்சியரும் கிடைத்தால் மிகவும் நல்லது. கிடைக்காவிட்டால், கொத்தனார்கள் வீட்டு அஸ்திவாரத்துக்கு மட்டம் பார்க்கும் கண்ணாடிபோன்ற ரப்பர்க் குழாயே போதும். குழாயில் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, இரண்டு பேர் இருபது மீட்டர் இடைவிட்டு அளவுகோல்களுடன் நின்று, இரு முனையிலும் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, ஏற்றத்தை ஒரு பத்தியிலும் இறக்கத்தை ஒரு பத்தியிலும் எழுதிக்கொண்டே முன்னேற வேண்டும். ஊற்றிலிருந்து பள்ளிக்கூடம் வரை நேராகப் பார்த்தால் தொண்ணூறு தடவை. தடவைக்கு அரை சென்டிமீட்டர் பிழை, அதுவும் எல்லாம் ஒரே பக்கமாகச் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 45 சென்டிமீட்டர்தான். படத்தின் பத்து மீட்டருக்கு முன்னால் அது எந்த மூலைக்கு?

ஆனால் தொண்ணூறு தடவையும் முதலிலேயே செய்ய வேண்டாம். ஊற்றிலிருந்து கணவாய் வரை படத்தில் 16 மில்லிமீட்டர், அதாவது 800 மீட்டர். நாற்பது தடவையில் கணவாயை எட்டிவிடலாம். அங்கே பத்திகளைக் கூட்டிப் பார்க்கட்டும். கணவாய் ஊற்றைவிட உயரமென்று தெரிந்தால் அத்துடன் நிறுத்திக்கொண்டு, சுற்று வழிக்கு எவ்வளவு குழாய் பிடிக்கும் என்று பார்க்கலாம். தாழ்வென்று தெரிந்தால் மீதி ஐம்பது தடவையையும் முடித்துவிட்டு, வந்த வழியே ஒருமுறை திரும்பி அளந்து, புறப்பட்ட இடத்தில் பூஜ்யம் வருகிறதா என்று சரிபார்த்துக்கொண்டு, பிறகு குழாய்க் கடைக்குப் போகட்டும்.